பத்திரிகையில் போட்ட பி.காம்.

இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்காகக் கயல்விழி கேட்டிருந்த முதல் பட்டதாரி சான்றிதழ், விஏஓ மேசையிலேயே நின்றுவிட்டது. பதிவேற்ற நாளைதான் கடைசி நாள். அவள் அண்ணன் மாடசாமி லாரி ஓட்டுகிறவன். மனைவி தமயந்தியையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு விசாரிக்கப் போனான்.

"வீட்டுல ஒருத்தரும் டிகிரி முடிச்சிருக்கக் கூடாதுய்யா," என்றார் விஏஓ. "உன் கல்யாணப் பத்திரிகையில பேருக்குப் பின்னால பி.காம்னு பாத்தேனே! ரெண்டு தடவ பாயசம் குடிச்சவன் நான், மறப்பேனா?"

தமயந்தி பெருமையாக நிமிர்ந்தாள். மாடசாமி அவளைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான். பிறகு பையிலிருந்து கல்லூரி டிசியை எடுத்து வைத்தான்.

"ரெண்டாம் வருஷமே நின்னுட்டேன் சார். பத்திரிகையில அப்பா போட்டுட்டாரு."

"நீ ஏன்யா வாய மூடிட்டிருந்த?"

"பொண்ணு பிடிச்சிருந்துச்சு சார்."

விஏஓ சிரித்துக்கொண்டே பரிந்துரை எழுதினார்.

வெளியே வந்ததும் தமயந்தி முறைத்தாள். "பட்டதாரி மாப்பிள்ளையாம்! வீட்டுக்கு வாங்க, இருக்கு உங்களுக்கு." பிறகு கயல்விழியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீயாவது முடிச்சிரு கயலு. உன் பத்திரிகைய நானே படிச்சுப் பாத்துத்தான் அச்சுக்குக் குடுப்பேன்."