கத்திரி போட்ட தாளம்

செங்கோட்டையனுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் வரும். ஆனால் துணி வெட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. எங்கள் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் அவர்தான். பெரிய கத்திரியைக் கையில் எடுத்தால் வாயும் திறந்துகொள்ளும். எடுத்த பேச்சு எதுவானாலும் கடைசியில் மகள் அமராவதியின் பாட்டில் வந்துதான் நிற்கும்.

"எம்பட அம்மிணி கையில கத்திரியே படக்கூடாதுங்க. அந்தக் கை தாளம் போடற கை" என்பார். நாங்கள் கேட்டுக் கேட்டுப் புளித்துப் போயிருந்தோம். போதாக்குறைக்கு, நவராத்திரிக்குக் கோயிலில் அவள் பாடப் போகிறாள் என்று ஓவர்லாக் தைப்பவர்களிலிருந்து முதலாளி வரைக்கும் சொல்லி வைத்திருந்தார்.

அறுபத்தெட்டாம் வருஷம் ஆவணியில் ஒருநாள், பாட்டு டீச்சர் ஜானகியம்மாள் அமராவதியிடம் ஒரு கடிதம் கொடுத்தனுப்பினார். பாராட்டைத் தவிர வேறென்ன இருக்கப்போகிறது என்று அதைக் கம்பெனிக்கே கொண்டு வந்துவிட்டார் மனுஷன். டீ நேரத்தில் எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, கணக்குப்பிள்ளை ஆத்தப்பனிடம் நீட்டினார்.

"சத்தமாப் படீங்க. எல்லாருக்கும் கேக்கோணும்."

ஆத்தப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆரம்பித்தார்.

"அமராவதிக்கு நல்ல குரல். சுருதி சேர்ந்து பாடுகிறாள். சரளி வரிசை முடிந்து ஜண்டை வரிசைக்கு வந்திருக்கிறாள்."

செங்கோட்டையன் எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். பார்வையே போதும், பல்லக்கில் ஏறியாகிவிட்டது.

"ஆனால் தாளம் நிற்கவில்லை. முதல் காலத்தில் சமாளித்துவிடுகிறாள். வேகம் இரட்டிக்கும் இரண்டாம் காலத்துக்குப் போனால் நழுவிவிடுகிறது. ஆதி தாளத்தில் ஒரு தட்டுக்குப் பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று எண்ணி, பிறகு இரண்டு முறை தட்டி வீச வேண்டும். இவளோ விரல்களை எண்ணாமல், கட்டைவிரலையும் மற்ற விரல்களையும் திறந்து திறந்து மூடுகிறாள். பலமுறை திருத்தியும் கை அதற்கே போகிறது. கட்டைவிரலில் காய்ப்பு வேறு இருக்கிறது. இது ஏன் என்று எனக்குப் புரியவில்லை."

டீச்சருக்குப் புரியவில்லை. எங்களுக்குப் புரிந்துவிட்டது. தைத்த பனியனில் தொங்கும் நூல் பிசிறைக் கத்திரிக்கும் கை அது. செக்கிங்கில் இருந்த பழனாத்தாள் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டாள். வேறு கம்பெனிச் சரக்கை அவர் சம்சாரம் மருதாள் கட்டுக்கட்டாக வீட்டுக்கு வாங்கி வருவதும், தாயும் மகளும் உட்கார்ந்து பிசிறு வெட்டுவதும் அதுவரை எங்களுக்குத் தெரியாது.

ஆத்தப்பன் நிறுத்திவிட்டார். செங்கோட்டையன் தலையைக் குனிந்துகொண்டே, "மீதியும் படிச்சுருங்க" என்றார்.

"தினமும் காலையில் அரை மணி நேரம் சாதகம் வேண்டும். அந்த நேரத்தில் கைக்கு எந்த வேலையும் கொடுக்காதீர்கள். முதல் காலத்தில் தாளம் நின்ற பிறகே இரண்டாம் காலம். பெற்றோரில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கூடவே தாளம் போட்டால் போதும். நவராத்திரிக்குள் சரியாகாவிட்டால் மற்றப் பிள்ளைகளோடு அவளை உட்கார வைக்க முடியாது."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். எனக்கே கூசியது.  அன்று சாயங்காலம் வரைக்கும் அவருடைய கத்திரிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

வீட்டில் மருதாளிடம் கடிதத்தைப் பற்றிச் சொன்னாராம். அவள் பனியன் கட்டை அவிழ்த்தபடியே, "பாட்டு கத்துக்கறதுக்கு இந்தப் பிசிறுதானுங்க சோறு போடுது" என்றாளாம்.  அதற்கு அவர், "அம்மிணி காலைல வெட்டற பங்கையும் ராத்திரி நான் வெட்டறேன். அவளப் பாட உடு" என்றிருக்கிறார்.

மறுநாள் விடியலில், அமராவதி வெந்நீர் குடித்துவிட்டுப் பாயில் உட்கார்ந்தாள். கடிதத்தில் சொன்னபடியே செங்கோட்டையன் பக்கத்தில் சம்மணமிட்டார். முந்தின நாள் வேலை விட்டதும் ஆத்தப்பனிடம் திரும்பத் திரும்பக் கேட்டு மனப்பாடம் செய்திருந்தார்: தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. அவள் முதல் காலத்தில் ஜண்டை வரிசையை ஆரம்பித்தாள். அவர் தொடையில் தட்டினார்.

தாளம் இரண்டு சுற்று ஒழுங்காகப் போயிற்று. பிறகு அவள் பாட்டை நிறுத்திவிட்டு அவர் கையையே பார்த்தாள்.

"ஏனம்மிணி, நிறுத்திப்போட்டே?"

 அவள் மெதுவாக, "அப்பா, நீங்களும் கத்திரிதான் போடறீங்க" என்றாள்.

அவர் குனிந்து பார்த்தார். கட்டைவிரலும் மற்ற விரல்களும் அவரைக் கேட்காமலே திறந்து மூடிக்கொண்டிருந்தன. மகள் எட்டி அந்தக் கையைப் பிடித்து, சுண்டுவிரலைத் தனியாகப் பிரித்து அவர் தொடையில் வைத்தாள். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை. விரலை மட்டும் அவள் வைத்த இடத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.