தட்டில் தடவிய எண்ணெய்

ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணி வீட்டு பேக்கிங் தட்டுகளைத் தேய்ப்பது கடைசிவரியின் வேலை. யாரும் அவளுக்குக் கொடுத்த வேலை இல்லை, அவளே எடுத்துக்கொண்டது. எட்டுத் தட்டுகள். மூலைகளில் பேரீச்சம்பழம் கருகிப் பிசினாய் ஒட்டியிருக்கும். வெந்நீரில் ஊறவைத்து, நகம் தேயத் தேய்த்து, வெயிலில் சாய்த்துவைப்பாள்.

கடைசிவரி என்பது அண்ணன் வைத்த பெயர். எந்த பாக்கெட் கையில் கிடைத்தாலும் பின்பக்கம் திருப்பி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பொடி எழுத்தின் கடைசி வரிவரைக்கும் படிப்பாள். "படிச்சு முடிச்சிட்டியா? நாங்க தின்னலாமா?" என்று அண்ணன் பிஸ்கட்டைக் கையில் பிடித்தபடி காத்திருப்பான்.

அவள் பிழைப்பும் அதுதான். ஆன்லைன் மளிகைக்கடை ஒன்றின் அலுவலகத்தில், விற்பனைக்கு வரும் பொருள்களின் விவரப் பக்கங்களை எழுதுகிறாள். பதினோரு வருடமாகிறது. அதற்குமுன் ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். கடையை மூடினார்கள். அதே மாதம் கணவருக்கு முதுகில் அறுவைசிகிச்சை. மகளுக்கு இரண்டு வயது. அப்போது அண்ணி வந்து குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "நீ போய் வேலையைக் கத்துக்க. இவளை நான் பார்த்துக்கறேன்" என்றாள். இரண்டு வருடம் பார்த்துக்கொண்டாள். எப்போது வந்து கூட்டிப்போவாய் என்று ஒருநாள்கூடக் கேட்டதில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் கடைசிவரிக்குத் தட்டு இன்னும் பளபளப்பாகத் தேய்க்க வேண்டும்போல் இருக்கும்.

அந்த அண்ணிதான் ஐம்பத்து மூன்று வயதில், நாலு மாதத்துக்கு முன்னால், உரிமம் எடுத்து வீட்டிலேயே பேரீச்சம்பழ ஓட்ஸ் பார் செய்து விற்க ஆரம்பித்திருந்தாள். கடைசிவரி வேலைபார்க்கும் கடையில்தான் விற்பனை. விவரப் பக்கத்தை அண்ணியே எழுதித் தந்தாள். தலைப்பு: 'அன்பில் பிசைந்த ஆரோக்கியத் துண்டுகள்'. முதல் மாதம் மூன்று பெட்டி விற்றது. அதில் இரண்டு அண்ணன் வாங்கியது.

"அண்ணி, தேடற கட்டத்துல யாரும் அன்புன்னு டைப் அடிக்கறதில்ல" என்றாள் கடைசிவரி.

"வேற என்னதான் அடிக்கறாங்க?"

"பேரீச்சம்பழம், ஓட்ஸ், பார். எத்தனை கிராம், எத்தனை துண்டு. அவ்வளவுதான்."

"தேனை முன்னால போடு. கேட்கவே நல்லாருக்கும்."

"எது எடையில அதிகமோ அதுதான் முன்னால. தேன் கடைசி."

"சர்க்கரை இல்லாததுன்னாவது போடு. எல்லாரும் அதைத்தானே தேடறாங்களாம்."

"பேரீச்சம்பழத்துல இருக்கறது என்னவாம்? இனிப்புக்குப் பேரீச்சம்பழமும் தேனும்னு போடறேன். அது உண்மை."

அண்ணி உதட்டைப் பிதுக்கினாள். ஆனால் விட்டுக்கொடுத்தாள். தலைப்பு 'பேரீச்சம்பழ ஓட்ஸ் பார், 180 கிராம் (30 கிராம் × 6)' என்றானது. பெட்டியின் எடையைக் கழித்துவிட்டுத் தின்பதன் எடையை மட்டும் போட்டார்கள். 'நீண்ட நாள் கெடாது' என்றிருந்ததை 'தயாரித்த நாளிலிருந்து 3 மாதம்' என்று மாற்றினாள். நீண்ட நாள் என்றால் வாங்குகிறவர் எதை நம்பி இரண்டு பெட்டி வாங்குவார்? அடுத்த மாதம் நாற்பத்தொன்று விற்றது. அண்ணி அடுப்பங்கரையில் பாட்டு முணுமுணுக்க ஆரம்பித்தாள்.

போன வியாழக்கிழமை அந்தப் பக்கத்தின் அடியில் ஒரு தாய் கேள்வி போட்டிருந்தாள். 'என் மகனுக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது. உதடு வீங்கி மூச்சு முட்டும். இதில் கடலை ஏதும் சேர்கிறதா?'

அண்ணி கொடுத்த பட்டியலில் பேரீச்சம்பழம், ஓட்ஸ், சூரியகாந்தி விதை, தேன், உப்பு. கடலை இல்லை. கடைசிவரி 'இல்லை' என்று எழுதிவிட்டாள். ஆனால் அனுப்பவில்லை. இந்த மாதிரிக் கேள்விக்குச் செய்தவரை நேரில் கேட்காமல் பதில் போடக்கூடாது என்பது அவளுக்கு அவளே வைத்துக்கொண்ட சட்டம்.

இப்போது ஆறாவது தட்டு. வெந்நீரை ஊற்றியதும் ஆவியோடு ஒரு வாசம் எழும்பியது. பதினைந்து ஞாயிறு முகர்ந்த வாசம்தான். இன்றைக்குத்தான் மண்டைக்கு எட்டியது.

"அண்ணி, தட்டுல என்ன தடவறீங்க?"

"கடலை எண்ணெய். மில்லுல பிழிஞ்சது. நல்ல வாசமா இருக்கும்ல?"

"பட்டியல்ல எழுதலியே?"

"அது தட்டுக்குத்தான்டி. தின்பண்டத்துக்கா?"

கடைசிவரி ஈரக்கையோடு முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அடிப்பக்கம் முழுக்க எண்ணெய் ஏறிய பார்கள் நூற்றுக்கும் மேற்பட்ட பெட்டிகளில் வீடு வீடாகப் போயிருக்கின்றன.

கேள்வியை வாசித்துக் காட்டினாள். அண்ணி முகம் வெளிறியது. பிறகு நிமிர்ந்தது. "சரி, அந்தம்மாவுக்கு மட்டும் வேணாம்னு சொல்லிடு."

"கேட்டவங்க ஒருத்தர். கேட்காம பட்டியலைப் படிச்சு நம்பி வாங்கினவங்க எத்தனை பேரோ. பக்கத்தை இன்னைக்கே நிறுத்தணும் அண்ணி. வாங்கினவங்களுக்கெல்லாம் தகவல் போகணும்."

"இப்பதான் சூடு பிடிக்குது. நீயே தண்ணி ஊத்தறியா?" அண்ணியின் குரல் உடைந்தது. "உன் பொண்ணுக்கு ரெண்டு வருஷம் ஊட்டினேனே, பட்டியல் பார்த்தா ஊட்டினேன்?"

சுருக்கென்று தைத்தது. கடைசிவரி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"பார்த்துதான் ஊட்டினீங்க. தினமும் மத்தியானம் போன் பண்ணி ஒப்பிப்பீங்க. பத்து மணிக்கு அரை வாழைப்பழம், ஒரு டம்ளர் பால், முட்டை வேணாம்னு துப்பிட்டா, பால் நேத்து வாங்கினது, கொதிக்க வெச்சுட்டேன்னு. நான் அங்க வேலை கத்துக்கிட்டு இருந்தேன், நிம்மதியா. நான் இப்ப எழுதறதும் அதையேதான் அண்ணி. கூட இல்லாத ஒரு தாய்க்கு ஒப்பிக்கறது."

அண்ணி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

அன்று மாலையே கடைசிவரி மேலாளரிடம் பேசிப் பக்கத்தை நிறுத்தினாள். தாய்க்குப் பதில் போட்டாள்: 'இருக்கிறது. தட்டில் கடலை எண்ணெய் தடவுகிறோம். பட்டியலில் விட்டுப்போனது எங்கள் தவறு. கொடுக்காதீர்கள்.' வாங்கிய எல்லோருக்கும் அதையே அனுப்பினார்கள். ஒன்பது பெட்டி திரும்பி வந்தது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. செவ்வாய்க்கிழமை அது உறுதியான பிறகுதான் அவள் ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

அடுத்த ஞாயிறு அவள் போனபோது அடுப்பங்கரை அலமாரியில் சூரியகாந்தி எண்ணெய் இருந்தது. கூடத்து மேசையில் தட்டுகள் அடுக்கியிருந்தன. எல்லாம் ஏற்கெனவே தேய்த்து வைத்தவை. பக்கத்தில் அண்ணி கையெழுத்தில் ஒரு தாள்: பேரீச்சம்பழம், ஓட்ஸ், சூரியகாந்தி விதை, தேன், உப்பு. கீழே, 'தட்டில் தடவ: சூரியகாந்தி எண்ணெய்.'

"இப்ப கடலை இல்லாததுன்னு போடலாம்ல?" என்றாள் அண்ணி, முகத்தைப் பார்க்காமல். "அதையும் தேடுவாங்கல்ல."

"தேடறாங்கதான். ஆனா வீட்டுச் சமையல் இன்னும் கடலை எண்ணெய்லதானே? அண்ணன் கொறிக்கற வறுகடலை வேற."

அண்ணி பேனாவை எடுத்துக் கடைசியில் ஒரு வரி சேர்த்தாள்: 'வேர்க்கடலை புழங்கும் சமையலறையில் செய்தது.' எழுதிவிட்டுத் தாளை அவள் பக்கம் தள்ளினாள்.

கடைசிவரி போனை எடுத்தாள். "அந்தம்மா எழுதியிருக்காங்க. 'உங்க பார் எங்களுக்கு ஆகாது. ஆனா உண்மையை எழுதினீங்க. அந்தக் கையைக் கும்பிடறேன்.' இது உங்களுக்கு வந்தது அண்ணி."

அண்ணி போனை வாங்கி, கண்ணாடியில்லாமல் தூர வைத்து, கடைசி வரிவரைக்கும் படித்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

"என் மேல இன்னும் கோபமா?" என்று கேட்டாள் கடைசிவரி.

அண்ணி எட்டுத் தட்டுகளையும் ஒன்றாக எடுத்தாள். ஒரு காலத்தில் குழந்தையை வைத்திருந்த அதே இடுப்பில் சாய்த்துக்கொண்டு, "வா, எண்ணெய் தடவணும்" என்றபடி அடுப்பங்கரைக்குப் போனாள்.