புகைக்கரி மையில் முப்பத்திரண்டு பெயர்கள்

நல்ல கையெழுத்து ஒரு வரம் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். வரமாவது, மண்ணாவது! என் விஷயத்தில் அது கால்விலங்கு.

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். சாந்தோமில் கன்னியர்கள் நடத்திய ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியின் ஆபீசில் எழுத்து வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஒரு வருஷம் வேலை பார், பிறகு பயிற்சி வகுப்பிலேயே உனக்கு இடம் என்று தலைமைக் கன்னியாஸ்திரீ வாக்குக் கொடுத்திருந்தார். அவரை மதர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். ஒரு வருஷம் மூன்றாயிற்று. ஒவ்வொரு கோடையிலும் நான் போய் நிற்பேன். ஒவ்வொரு கோடையிலும் ஒரே பதில்தான்.

"நீ வகுப்புக்குப் போயிட்டா சர்டிபிகேட்டில் பேர் யார் எழுதுவா? இந்த வருஷம் மட்டும் பார்த்துக்கோம்மா."

சான்றிதழில் மற்றதெல்லாம் அச்சு. பெயர் மட்டும் கையால், பழைய ஆங்கில எழுத்தில், கறுகறுவென்று நிற்க வேண்டும். அதற்குப் பட்டை முனை நிப். முனையின் விளிம்பு கோட்டுக்கு நாற்பத்தைந்து டிகிரி சாய்வில் நிற்க வேண்டும். கை எங்கே போனாலும் அந்தச் சாய்வு மாறக்கூடாது. மாறாமல் இருந்தால் நிற்கும் கோடு தடிமனாகவும், மேலேறும் கீற்று மயிரிழையாகவும் தானாக விழும். கொஞ்சம் திரும்பினாலும் ஒரே பெயரில் ஓர் எழுத்து பருத்தும் ஓர் எழுத்து இளைத்தும் போய்விடும். கடற்காற்றில் தாள் புரளும் என்று ஜன்னல்களைச் சாத்திவிட்டு, பின்னறையில் என்னை உட்கார்த்திவிடுவார்கள். மணிக்கட்டிலிருந்து வியர்வை தாளில் சொட்டாமல் இருக்கக் கைக்கடியில் ஒரு துணி. சுவருக்கு அந்தப் பக்கம் பயிற்சி வகுப்பு. நான் உட்கார வேண்டிய வகுப்பு. பாடம் நடத்திப் பழகும் பெண்களின் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். எனக்கு மூச்சு முட்டும்.

நாலாவது வருஷம் பொறுக்க முடியவில்லை. "வேற ஆளைக் கூட்டிக்கிட்டு வந்தா விடுவீங்களா மதர்?" என்று கேட்டேன். "உன்னை மாதிரி எழுதினா தாராளமா" என்றார். கிடைக்காது என்ற தைரியம் அவருக்கு.

பள்ளிக்கு ரிஜிஸ்தர்கள் பைண்டு செய்து தருபவர் திருவல்லிக்கேணிக்காரர். அவரிடம் விசாரித்தேன். வாலாஜா மசூதிக்குப் பக்கத்தில், உருதுப் பத்திரிகைக்குக் கையாலேயே பக்கம் பக்கமாக எழுதித் தரும் ஒரு பாய் இருப்பதாகச் சொன்னார். மறுவாரமே பாய் நாணல் பேனாக்களோடு வந்துவிட்டார். ஐம்பது வயதிருக்கும். மெதுவாகப் பேசுவார்.

முதலில் எழுதிக் காட்டியதைப் பார்த்து எனக்கு அழுகையே வந்தது. நிற்கும் கோடெல்லாம் குச்சி, படுத்த கோடெல்லாம் கட்டை. உருது எழுத்தில் படுத்த கோடுதான் பருமன். அதற்கேற்றபடி பேனா முனையின் விளிம்பைச் செங்குத்தாகத் திருப்பிப் பிடித்தே பழகிய கை.

"இன்னாம்மா இது, எழுத்தெல்லாம் கீழ வுழற மாதிரி கீது" என்று அவரே சிரித்தார். என் நிப்பை வாங்கி, அது தாளில் உட்காரும் சாய்வைக் குனிந்து பார்த்தார். பிறகு பேனாக்கத்தியால் நாணல் நுனியை நேராகச் சீவி, அதே சாய்வில் பிடித்து எழுதிப் பார்த்தார். கையைத் திருப்பித் திருப்பி ஒரு பகல் முழுக்க எழுதினார். மூன்றாம் நாள் என்னைவிட நன்றாக எழுதினார். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மதர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "என்ன கறுப்பு! உன் மை எழுதறப்ப சாம்பல் மாதிரி இருக்கும். இதைப் பாரு" என்றவர், என் பக்கம் திரும்பி, "சரி. ஜூன்ல வகுப்புக்கு வந்துடு" என்றார். மாதாவே! எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

சீமை மை வராத காலம். நான் கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்து நானே மை காய்ச்சுவேன். எழுதும்போது வெளிறித்தான் இருக்கும், மறுநாள் கறுக்கும். ஆனால் தாளுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். பிறகு தண்ணீர் பட்டாலும் அசையாது. பாயின் மை விளக்குப் புகைக்கரியும் பிசினும் சேர்த்தது. எங்கள் சான்றிதழ்த் தாளோ யுத்தத்துக்கு முன் வந்த வழவழப்பான சீமைத் தாள். அதில் அந்த மை மேலாக உட்கார்ந்திருந்தது. மதர் போனதும், பாய் பேனாக்களைக் கட்டிக்கொண்டிருக்கையில், அவர் எழுதிப் பழகிய, வீணாய்ப்போன பழைய சான்றிதழ்த் தாளில் வியர்த்த விரலால் தொட்டுப் பார்த்தேன். விரலில் கறுப்பு ஒட்டிக்கொண்டு வந்தது. சட்டென்று முந்தானையில் துடைத்துக்கொண்டேன்.

நான் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் மதர் "அப்போ நீயே எழுது" என்பாரோ என்று பயம். பயம் என்ன பயம், சுயநலம். பாய் முப்பத்திரண்டு பெயர்களையும் எழுதி முடித்தார். இருந்த தாளும் முப்பத்திரண்டுதான். உபரி ஒன்றுகூட இல்லை.

பட்டமளிப்புக்கு முந்தின நாள், மதர் தங்க நிறக் காகித முத்திரைகளை ஒட்ட உட்கார்ந்தார். முத்திரையின் பின்பக்கப் பசையை ஈரப் பஞ்சில் தொட்டு ஒட்டுவது அவர் வழக்கம். முதல் தாளில் ஒட்டினார். ஈரக் கையோடு அதை நகர்த்தினார்.

பெயர் பாதி வரைக்கும் இழுபட்டுக் கறுப்புப் பட்டையாகிவிட்டது.

அது ஒரு இளம் விதவையின் சான்றிதழ். அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் திங்கட்கிழமை வேலைக்குச் சேர வேண்டும், சான்றிதழோடு வந்தால்தான் இடம் என்று சொல்லியிருந்தார்கள். இரண்டு குழந்தைகள் அவளுக்கு.

நல்லவேளை, அந்த மை மேலாக இருந்ததால் ஈரப் பஞ்சில் ஒற்றி ஒற்றி எடுக்க முடிந்தது. மிச்சக் கறையைப் பிளேடால் சுரண்டினேன். சுரண்டிய இடத்தில் வழவழப்பு போய்விடும், மை ஊறிப் படரும். அதனால் சோழியால் தேய்த்து மழமழப்பாக்கி, குங்கிலியப் பொடியைத் துணியில் கட்டித் தட்டி, உதறிவிட்டு, என் மையில் பெயரை எழுதினேன். சாய்வு மாறவில்லை.

பேனாக்களை எடுத்துப்போக அந்த நேரம் பார்த்து பாய் வந்தார். மதர் அவரை நிற்க வைத்தே பொரிந்து தள்ளினார். மற்ற தாள்களை, ஈரம் படாமல் கண்ணாடிச் சட்டம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்று பெண்களிடம் சொல்லிக் கொடுக்க வேண்டியதாகிவிட்டதே, மையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்றார். பாய் பேனாக்களை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"நம்ம எழுத்து அச்சுக்குப் போறது, தண்ணி படாது. இங்க படும்னு எனக்குத் தெரியாதும்மா. நீ அன்னிக்கு வெரல வெச்சிப் பாத்தியே. ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஒன் மையிலயே எழுதிக் குடுத்திருப்பேனே."

அவ்வளவுதானா! அவ்வளவு சுலபமா! எனக்கு ஏன் அது தோன்றவே இல்லை?

மதர் என்னைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். பாய் எதிரே நின்றுகொண்டிருந்தார். "தெரியும் மதர்" என்றேன்.

மதர் பாயிடம் திரும்பி, கோபித்ததற்கு மன்னிப்புக் கேட்டார். அவர் போன பிறகு கதவைச் சாத்தினார். குரலை உயர்த்தவில்லை.

"ஒரு பொண்ணோட பொழைப்பு கெட்டுப்போகும்னு தெரிஞ்சும் பேசாம இருந்திருக்கே. உன்னை நம்பி நாப்பது குழந்தைங்களை எப்படிம்மா ஒப்படைக்கறது?"

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். அந்தப் பெண்ணின் பெயர் நன்றாகக் கறுத்திருந்தது. ஜூனில் வகுப்பு என்னை விட்டுவிட்டுத் தொடங்கியது.