முக்கோணத்தை வரையாமல் சொன்ன பதில்

தோழிக்கு நிகழ்தகவுத் தாள் மூன்றாவது முறை எழுதும் அரியர். அது தேறினால்தான் பி.எட். சேர முடியும். தேர்வன்று காலை நல்லம்பள்ளி பஸ்ஸில் ஒரு கணக்கைக் காட்டினாள். y பூஜ்யத்துக்கு மேல், x-ஐவிடக் குறைவு. x ஒன்றைவிடக் குறைவு. அந்த முக்கோணத்துக்குள் நிகழ்தகவின் கூட்டு அடர்த்தி 2. x-ம் y-ம் சார்பற்றவையா, அதாவது ஒன்றின் மதிப்பு மற்றதைப் பாதிக்காதா?

"வெறும் மாறிலிதானடி, சார்பற்றவைன்னு எழுதிரு," என்றேன், படம் போடாமலே.

அதே கணக்குதான் தேர்வில் வந்தது. துணைக்குப் போயிருந்த நான், அவள் வெளியே வருவதற்குள் வாசலில் உட்கார்ந்து முக்கோணத்தை வரைந்துவிட்டேன். y 0.8 என்றால் x 0.8-க்கும் 1-க்கும் நடுவில்தான் இருக்க முடியும். அங்கே நிபந்தனை அடர்த்தி 5. சார்பு கண்ணெதிரே இருந்தது.

"தப்பா சொல்லிட்டேன்டி."

அவள் நான் வரைந்த தாளைப் பார்த்தாள். "y-ஐத் தொகையிட்டா x-க்கு 2x, x-ஐத் தொகையிட்டா y-க்கு 2(1−y). சரியாத்தான் போட்டேன். ரெண்டையும் பெருக்கினா 2 வரல. நீ சொன்னா தப்பா இருக்காதுன்னு எல்லாத்தையும் அடிச்சிட்டேன். பத்து மார்க்கு."

"மத்த கேள்வில பாஸ் மார்க் வந்துராதா?"

"ஒனக்கென்ன, நீ மொத தடவையே பாஸ்," என்று பஸ் ஏறப் போனாள்.

முடிவு இன்னும் வரவில்லை. தினமும் அவளுடைய பதிவெண்ணைத் தட்டிப் பார்க்கிறேன்.