மெயினைப் போட்டால் வருகிறவள்

வில்லாபுரத்தில் எங்கள் ஜவுளிக்கடை வாசலில் ஒரு பெரிய டிவி தொங்குகிறது. அதில் இப்போது யாரோ ஒரு பெண் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு சிரிக்கிறாள். மொத்த வியாபாரி அனுப்பிய விளம்பரம். அந்தப் பெண்ணுக்கும் எங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதனால்தான் அவள் அங்கே இருக்கிறாள்.

முன்பு அந்த இடத்தில் என் நாத்தனார் இருந்தாள். என் கணவருக்கும் அவருடைய அண்ணனுக்கும் ஒரே தங்கை, ரொம்பப் பின்னால் பிறந்தவள். அவளை அந்த டிவியில் ஏற்றியவள் நான். இறக்கியவளும் நான்தான்.

டிவி வாங்கியது கணவரின் அண்ணன். பென்டிரைவைச் சொருகினால் படம் ஓடும் என்று நினைத்தார். ஓடியது. முடிந்ததும் நின்று, கோப்புகளின் பெயரை வரிசையாகக் காட்டிக்கொண்டு நின்றது. மழைக்கோட்டு போட்டு ஆடிய வீடியோ, குலதெய்வக் கோயில் கிடாவெட்டு என்று எல்லாப் பெயரும் தெருவுக்குத் தெரிந்தது. எதிரே டீக்கடையில் நின்றவர்கள் வாசித்துச் சிரித்தார்கள். அன்று மாலை அவர் வீட்டுக்கு வந்து என்னிடம், "நீ கல்யாணத்துக்கு முன்னாடி எடிட்டிங் கடையிலதான இருந்த? என்னத்தையாவது செய்யித்தா" என்றார். அந்த வீட்டில் என் படிப்பை ஒருவர் நினைவுகூர்ந்தது அதுதான் முதல் தடவை. அதுவும் டிவியால் மானம் போன பிறகு.

உள்ளங்கை அகலத்தில் ஒரு போர்டு கம்ப்யூட்டர் வாங்கினேன். நாத்தனாரையே புடவை கட்டச் சொன்னேன். அவளுக்கு அப்போது கல்லூரி முடிந்து, வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைக்குள்ளேயே, விரித்த ஜமக்காளத்தின் மேல் நின்று, ஒவ்வொரு புடவையாக உதறி விரித்துக் காட்டினாள். அவளுடைய புதுப் போனில் எடுத்தோம். "மதினி, நான் கறுப்பா தெரியிறேனா?" என்று நூறு தரம் கேட்டிருப்பாள். "தெரியிறதான், இருக்கிறதுதான தெரியும்" என்றேன். அடிக்க வந்தாள்.

போனில் எடுத்ததை அப்படியே போட்டால் சின்ன போர்டு திணறியது. 4கே அளவு, நொடிக்கு அறுபது ஃபிரேம். புடவை விரிகிறபோது படம் விக்கி விக்கி நகர்ந்தது. நான் அதை 1080 அளவுக்குக் குறைத்து, ஃபிரேமைப் பாதியாக்கி, எச்.264 முறையில் மாற்றினேன். அந்த போர்டு சிரமமில்லாமல் விரித்துக் காட்டக்கூடிய வடிவம் அது. தெரு இரைச்சலில் யாருக்குக் கேட்கப்போகிறது என்று ஒலியை எடுத்துவிட்டேன். அதோடு அவள் சிரிப்புச் சத்தமும் போயிற்று.

முடிவும் தொடக்கமும் ஒட்டுவதற்குத்தான் அதிக நேரம் ஆனது. படம் முடிந்து மறுபடி தொடங்குகிற இடத்தில் ஒரு கறுப்பு மின்னினாலும் போகிறவர்கள் கண்ணுக்கு உறுத்தும். அதனால் கடைசிப் புடவையை மடித்து அவள் கையில் வைத்துக்கொண்டு நிற்பதில் முடித்தேன். தொடக்கமும் அதே நிற்பு. எங்கே முடிந்தாள், எங்கே தொடங்கினாள் என்று எனக்கே சில நேரம் தெரியாது.

அடுத்தது அமைப்புகள். போர்டுக்கு டிவியின் யுஎஸ்பியிலிருந்து கரண்ட் எடுத்தால் போதாது என்று தனி அடாப்டர் போட்டேன். திரை தானாக அணையாமலும், மவுஸ் அம்பு நடுவில் நிற்காமலும் பார்த்துக்கொண்டேன். போர்டு எழுந்தவுடன் பிளேயர் தானே தொடங்கும். செத்தால் மறுபடி பிழைக்கும். கோப்பு மாறினால் புதியதை எடுத்துக்கொள்ளும். டிவி தாமதமாக எழுந்தாலும் போர்டு தன்பாட்டுக்குப் படத்தை அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும் என்றும் எழுதி வைத்தேன். இல்லாவிட்டால் "சிக்னல் இல்லை" என்று நீலத்திரை நிற்கும்.

எல்லாம் செய்தும் ஒரு மாதத்துக்குள் படுத்துவிட்டது. காரணம் எங்கள் கடை வழக்கம். சாயங்காலம் கல்லாவுக்குச் சூடம் காட்டி, கணவரின் அண்ணன் மெயின் சுவிட்சை ஒரே இறக்காக இறக்குவார். "மெயினை எறக்குனாத்தான் கடை சாத்துனதா அர்த்தம்" என்பார். அவருடைய அப்பா செய்தது. முறையாக அணைக்காமல் இப்படிக் கழுத்தைத் திருகினால், எழுதிக்கொண்டிருக்கிற நேரத்தில் மெமரி கார்டு கெட்டுப்போகும். கெட்டது. போர்டை முதலில் அணைத்துவிட்டு மெயினை இறக்குங்கள் என்றேன். ஒரு மருமகள் சொல்லி மெயின் காத்திருக்குமா?

அதனால் புதுக் கார்டு போட்டு, அதைப் பூட்டினேன். பூட்டு என்றால் சாவி போட்ட பூட்டு இல்லை, ஓர் அமைப்பு. அதைப் போட்டுவிட்டால் கார்டில் யாரும் எதுவும் எழுத முடியாது. புதிதாக எதைப் போட்டாலும் தற்காலிக நினைவில்தான் உட்காரும். கரண்ட் போனதும் அது போய்விடும். திரும்ப எழும்போது, பூட்டிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே எழும். அதற்குப் பிறகு எத்தனை தரம் மெயினை இறக்கினாலும் ஒன்றும் ஆகவில்லை. தினமும் காலையில் சாம்பிராணிப் புகையும் அவளும் ஒன்றாக வந்தார்கள். என் மாமியார் கல்லாவில் உட்கார்ந்து டிவியைப் பார்த்துவிட்டுத்தான் முதல் வியாபாரத்தைத் தொடுவார்.

பிறகு நாத்தனார் வீட்டை விட்டுப் போய்விட்டாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்த ஒரு பையனோடு ரிஜிஸ்டர் கல்யாணம். பையனைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வேதக்காரப் பையன், கிறிஸ்தவன், அவ்வளவுதான் குற்றம். இங்கே அது போதும்.

கணவரின் அண்ணன், எங்கள் வீட்டு முற்றத்தில் தண்ணீர் நிரப்பி வைத்து, மாமியாரை உட்காரவைத்துத் தலைமுழுகச் சொன்னார். செத்த வீட்டுக்குப் போய் வந்தால் முழுகுவது மாதிரி. மாமியார் குடத்தை எடுத்துத் தானே ஊற்றிக்கொண்டார். "எனக்குப் பொம்பளப்பிள்ள இல்ல" என்று உறவுக்காரர்கள் காதில் விழும்படி சொன்னார். என் கணவர் வாயில்லாப் பூச்சி, துண்டை நீட்டினார். எனக்கு அன்று வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

மறுநாள் கணவரின் அண்ணன், நான் எப்போதோ காட்டிக்கொடுத்தபடி, லேப்டாப்பிலிருந்து கடை வைஃபை வழியாக மொத்த வியாபாரியின் விளம்பரத்தைப் பழைய கோப்பின் மேல் போட்டார். நாத்தனார் மறைந்தாள். யாரோ சிரித்தாள். சாயங்காலம் வழக்கம்போல் மெயினை இறக்கினார்.

காலையில் மெயினைப் போட்டார். கடை வாசலில் புடவையைக் கையில் வைத்துக்கொண்டு தங்கை நின்றாள்.

திரும்பவும் மாற்றினார். அடுத்த காலை திரும்பவும் வந்தாள். டீக்கடைக்காரர், "என்னாண்ணே, தங்கச்சி வீட்டுக்கு வந்துருச்சா?" என்று கேட்டதாகக் கணவர் சொன்னார். ஏன் இப்படி என்று எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. என்னிடம் யாரும் கேட்கவும் இல்லை. தலைமுழுகிய தங்கையைத் துரத்த முடியவில்லை என்று மருமகளிடம் போய் எப்படி நிற்பார்? இரவில் கரண்ட் போவதுதான் காரணம் என்று அவராகவே கண்டுபிடித்து, போர்டை இன்வெர்ட்டர் லைனில் மாட்டினார். மெயின் இறங்கினாலும் போர்டு விழித்தே இருந்தது. இரண்டு மூன்று நாள் யாரோ சிரித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு மதிய நேரங்களில் அவள் வர ஆரம்பித்தாள். காலையில் மாற்றிவிட்டு அவர் சாப்பிடப் போனால், திரும்பி வரும்போது தங்கை புடவை உதறிக்கொண்டிருப்பாள். "பீடை புடிச்ச மிசினு" என்று திட்டினார். எனக்கே புரியவில்லை. கரண்ட் போகாமல் போர்டு எப்படி மறக்கும்?

ஒருநாள் சாப்பாட்டுக் கூடையோடு கடைக்குப் போனேன். ஆண்கள் இருவரும் இல்லை. மாமியார் கல்லாவிலிருந்து எழுந்து, இன்வெர்ட்டர் பக்கத்துச் சுவிட்சை அணைத்தார். டிவியில் நீலத்திரை வந்தது. கொஞ்ச நேரம் நின்று, மறுபடி போட்டார். கல்லாவில் வந்து உட்கார்ந்து, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். திரையில் மகள் வந்தாள்.

என்னைப் பார்த்ததும், "தூசியா இருந்துச்சு, தொடைக்கலாம்னு அணைச்சேன்" என்றார். கையில் துணியே இல்லை. நான் கூடையை வைத்துவிட்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் அழுதேன்.

அது அப்படியே நடந்திருக்கும். ஆனால் கணவரின் அண்ணன் மகளுக்கு வரன் கூடி வந்தது. ஆனையூர்க்காரர்கள். முகூர்த்தப் புடவை எடுக்க எங்கள் கடைக்கே வருவதாகச் சொன்னார்கள். அவர்கள் வரும்போது டிவியில் ஓடிப்போனவள் நிற்கக்கூடாது. அவர் என்னிடம் வந்தார். கேட்கவில்லை, சொன்னார். "அவ இனி வரக்கூடாது. ஒனக்குத் தெரியும்ல, செய்யி. இல்ல, அந்த மிசின ஒடைச்சுப் போட்டு வேற வாங்குறேன்." என் கணவர் என் முகத்தைப் பார்க்காமல், "செஞ்சு குடுத்துரு, எதுக்கு வம்பு" என்றார்.

உடைத்தாலும் அவள் போய்விடுவாள், நான் செய்தாலும் போய்விடுவாள். அந்தச் சின்னப் பெண்ணின் கல்யாணம் என் பிடிவாதத்தால் நின்றது என்று நாளைக்குப் பேச்சு வரும். கீபோர்டை மாட்டினேன்.

முதலில் பூட்டை எடுக்க வேண்டும். எடுத்ததும் போர்டு ஒருமுறை அணைந்து எழ வேண்டும். எழுந்தது. எழுந்தால் யார் வருவாள்? அவள்தான் வந்தாள். கல்லாவில் மாமியார் உட்கார்ந்திருந்தார். கணவரின் அண்ணன் என் தோளுக்குப் பின்னால் நின்று, "அழி" என்றார். நான் படம் ஒரு சுற்று முடியட்டும் என்று, ஏதோ தட்டச்சு செய்வது போல நேரம் கடத்தினேன். கடைசிப் புடவையை மடித்துக் கையில் வைத்து நின்றாள். அது முடிவா தொடக்கமா என்று எனக்கே தெரியாதபடி செய்த பாவி நான்தானே. இன்னொரு சுற்றும் ஓடியது. "என்னத்தா, இம்புட்டு நேரம்?" என்றார். அழித்தேன். விளம்பரத்தைப் போட்டேன். பூட்டை மறுபடி போட்டேன். அணைத்து எழுப்பிக் காட்டினேன். யாரோ சிரித்தாள். "இப்பத்தான் கடை கடையா இருக்கு" என்று அவர் போய்விட்டார்.

மறுநாள் மதியம் நான் சாப்பாட்டோடு போனபோது மாமியார் சுவிட்சை அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். யாரோ வந்தாள். மறுபடி அணைத்தார். போட்டார். மறுபடியும் அதே யாரோதான்.

நான் பக்கத்தில் போய், "அத்த, அந்தப் படத்த என் போன்ல ஏத்தி வச்சிருக்கேன். பாக்குறீகளா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

அவர் என் போனைப் பார்க்கக்கூட இல்லை. "வேணாந்தா. தலைமுழுகுன பிள்ளைய நானா எடுத்துப் பாக்கலாமா? கையில தண்ணிய எடுத்து ஊத்துனவ நானு. அது அதுவா வந்துச்சு. வந்தா பாத்தேன்."

சுவிட்சிலிருந்து கையை எடுக்காமலே என்னைக் கேட்டார். "இனி வரமாட்டாளாத்தா?"

"வரமாட்டா அத்த."

"கரண்டு போனாலும்?"

"போனாலும்."

"நல்லாத்தான் செஞ்சிருக்க" என்று சொல்லிவிட்டு, கல்லாவில் போய் உட்கார்ந்தார்.