மூன்றாவது அளவு

கடல் கடந்து வந்த நாட்டில், ஒனிஹங்கா என்ற ஊரில், நாங்கள் மின்சுருளுக்குக் கம்பி சுற்றிய பட்டறையில் ஒவ்வொருவருக்கும் ஒரு சொல் இருந்தது. முதலாளி வெள்ளைக்காரர். எதற்கும் அவருக்கு ஒரே பதில்: "அது சரிவரும்." கூரை ஒழுகினாலும் சரிவரும், லொறி வராவிட்டாலும் சரிவரும். எனக்குப் பக்கத்து மேசையில் இருந்த சமோவாக்காரி, நான் கம்பியை இறுக்கிப் பிடிக்கிறபோதெல்லாம், "அதுவும் மூச்சு விடவேணும், விடு," என்பாள். சுற்றி முடிந்த சுருள்களை மீற்றரால் அளக்கும் சோதனை மேசையில் இருந்த அண்ணைக்கும் ஒன்று இருந்தது. "மீற்றர் ஒருத்தருக்கும் சொந்தக்காரன் இல்லை, பிள்ளை." அதை அவர் சிரித்துக்கொண்டுதான் சொல்லுவார். கடைசியில் அது அவரையே வந்து பிடித்தது.

அண்ணை யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றில் படிப்பித்தவர். இங்கே அவருடைய பத்திரங்களை யாரும் இரண்டாவது தரம் பார்க்கவில்லை. நான் மன்னார். எந்தக் கல்லூரி வாசலும் மிதிக்காதவள். கிளென் ஈடனிலிருந்து நியூ லின் வந்து பஸ் மாறி வேலைக்குப் போவேன். எங்கள் இரண்டு பேருக்கும் வயது ஏறக்குறைய ஒன்றுதான். என்றாலும் அவர் 'பிள்ளை' என்பார், நான் 'அண்ணை' என்பேன். அது அப்படியே பழகிவிட்டது.

அவருடைய மனைவி அப்போது கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார். நிரந்தர வேலை என்று முதலாளி கடிதம் தந்தால்தான் மனைவியையும் சேர்த்து விண்ணப்பிக்கலாம் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். லொட்ஜில் தங்குவதற்குப் பொலிஸில் பதிந்த காலம் அந்த மாத முடிவோடு சரி. அதற்குப் பிறகு மனைவி வடக்கே தன் தாயிடம் திரும்ப வேண்டியதுதான். திரும்பினால், சண்டையால் மூடுகிற பாதை மறுபடி எப்போது திறக்கும் என்று கடவுளுக்கும் தெரியாது. "இந்த ஓடர் முடிய எழுதித் தாறன்," என்று முதலாளி சொல்லியிருந்தார். எனவே அண்ணையின் வீட்டு விஷயம் முழுக்க அந்த ஓடரில் தொங்கியது.

ஓடர் என்றால் இருபத்துநாலு சோக். சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளின் பற்றரி சார்ஜருக்குள் போகிறவை. மின்னோட்டம் துடிக்காமல் ஒரே சீராக ஓடப் பண்ணுகிறது அவற்றின் வேலை. ஒரு இரும்புச் சட்டத்தின் ஒரு காலில் சமோவாக்காரி சுற்றிய சுருள், மற்றக் காலில் நான் சுற்றிய சுருள். கம்பி தொடங்கும் முனைக்கு மஞ்சள் குழாய்த் துண்டு ஒன்று போடுவோம். வாங்குகிறவன் முதல் சுருளின் முடிவை இரண்டாவதின் மஞ்சளோடு சேர்த்து, இரண்டையும் ஒரே வரிசையாக்கிக்கொள்வான்.

முதல் சோக்கை அண்ணை அளந்தபோது தேநீர் நேரம். நான் கோப்பையோடு போய்ப் பக்கத்தில் நின்றேன். என் சுருள் தனியே நாலு மில்லிஹென்றி; சுருளின் பலத்தை அந்தக் கணக்கில்தான் அளப்பார்கள். அவளுடையதும் நாலு. இரண்டையும் வரிசையில் சேர்த்தார். மீற்றரில் பதினாலு.

"நாலும் நாலும் எட்டெல்லோ அண்ணை? உங்கட மீற்றருக்குக் கணக்குத் தெரியாதோ?"

"தூரத் தூர வைச்சால் எட்டுத்தான். இது ரெண்டும் ஒரே இரும்பில இருக்கு. இதின்ர காந்தம் அதுக்குள்ளாலயும் போகுது, அதின்ர காந்தம் இதுக்குள்ளாலயும் வருது. அவள் உமக்கு மூண்டு தாறாள், நீர் அவளுக்கு மூண்டு குடுக்கிறீர். எட்டும் ஆறும் பதினாலு."

"ஒண்டு மற்றப் பக்கம் பார்த்திருந்தால்?"

அவர் என் சுருளின் இரண்டு முனைகளையும் மாற்றிக் கவ்வினார். மீற்றர் இரண்டுக்கு இறங்கியது. "இப்ப ஒண்டின்ர காந்தத்தை மற்றது அழிக்குது. எட்டில ஆறு போச்சு. பதினாலுக்கும் ரெண்டுக்கும் வித்தியாசம் பன்னிரண்டு. அதை நாலால பிரிச்சால் அந்த மூண்டு. பார்த்தீரே, கணக்கு அவனுக்கு வடிவாத் தெரியும்."

சமோவாக்காரி எட்டிப் பார்க்க, அண்ணை அவளுக்கும் விளக்கினார். "அப்ப நாங்கள் இரண்டு பேரும் கோவிச்சுக்கொண்டால் இதுதான் நிலைமை," என்றாள் ஆங்கிலத்தில். அண்ணை சத்தமாகச் சிரித்ததை நான் அன்றைக்குத்தான் முதல் தடவை கேட்டேன்.

நாலு சோக் முடிந்த வார இறுதியில், மழையில் நனைந்த வீட்டுப் படியில் சறுக்கி விழுந்து வலது தோளை அடித்துக்கொண்டேன். திங்கள் காலை, சுருள் சுற்றும் இயந்திரத்தின் கைபிடியைச் சுற்ற முடியவில்லை. லீவு எடுக்கலாம். ஆனால் ஓடர் பிந்தும், கடிதமும் பிந்தும். அதனால் சுற்றும் இயந்திரத்தை மேசையில் அப்படியே திருப்பி வைத்தேன். கைபிடி இப்போது இடது பக்கம் வந்தது. இடது கையால் எப்போதும் போல எனக்கு முன்பக்கமாகத் தள்ளிச் சுற்றினேன். அளவுக்கு அளவு, சுற்றுக்குச் சுற்று எல்லாம் சரி. மஞ்சள் குழாயைத் தொடக்க முனைக்கே போட்டேன். எனக்கு என்னைப் பற்றிப் பெருமையாகக்கூட இருந்தது.

இயந்திரத்தைத் திருப்பி வைத்துவிட்டு அதே மாதிரிச் சுற்றினால், சுருள் எதிர்ப்பக்கமாகச் சுற்றும். இது எனக்கு உறைக்கவில்லை. இருபது சுருளை அப்படிச் சுற்றினேன்.

அண்ணையின் தாளில் ஒவ்வொரு சோக்குக்கும் மூன்று கட்டம். முதல் சுருள், இரண்டாம் சுருள், இரண்டும் வரிசையில். முதல் இரண்டு கட்டத்தையும் அவர் அளந்துதான் நிரப்பினார். எல்லாம் நாலு, நாலு. தனியே அளந்தால் எந்தப் பக்கம் சுற்றியது என்று மீற்றர் காட்டாது. கொழும்புக்கு ரெலிபோன் எடுக்கும் நாட்கள் அவை. லைன் கிடைக்காது, கிடைத்தாலும் லொட்ஜ்காரன் கூப்பிட்டுத் தரமாட்டான். முதலாளி வேறு லொறி வாசலில் நிற்குது என்று இரண்டு தரம் வந்து பார்த்தார். அண்ணை முதல் நாலு சோக்கையும் மூன்று கட்டத்துக்கும் அளந்தார். மிச்ச இருபதுக்கும் மூன்றாவது கட்டத்தில் பதினாலு, பதினாலு என்று எழுதி, கீழே கையெழுத்து வைத்தார்.

பத்து நாளில், முதலாளி கடிதம் எழுத முன்னமே, ஒரு சோக் திரும்பி வந்தது. சார்ஜர் செய்கிறவன் தானே கொண்டுவந்து மேசையில் போட்டான். பற்றரிகள் சூடேறிக் கொதிக்கின்றன, மின்னோட்டம் ஏறி இறங்கி அடிக்கிறது என்றான். முதலாளி அன்று 'சரிவரும்' என்று சொல்லவில்லை.

அண்ணை மீற்றரின் கவ்விகளை எடுத்தார். முதல் சுருள் நாலு. இரண்டாவது நாலு. வரிசையில் சேர்த்தார். இரண்டு. அவர் முனைகளை மாற்றினார். பதினாலு. திரும்பப் பழையபடி. இரண்டு. பிறகு என் சுருளின் மேல் ஒட்டிய நாடாவைக் கொஞ்சம் உரித்து, கம்பி எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்று பார்த்தார். தலையைத் தூக்கி என் மேசையைப் பார்த்தார். கைபிடி இடது பக்கம் இருந்தது. அந்த நேரத்தில்தான் எனக்கும் விளங்கியது. கையில் இருந்த குழாய்த் துண்டு கீழே விழுந்தது, எடுக்கக் குனியவும் இல்லை.

முதலாளி தாளை நீட்டினார். "இந்தப் பதினாலு. அளந்தாயா?"

அண்ணை கவ்விகளைக் கழற்றி வைத்தார். சொல்லியிருக்கலாம், சுற்றினவள் மாற்றிச் சுற்றிவிட்டாள் என்று. அது உண்மையும்தான். அவர், "இல்லை. நாலை அளந்தேன். மற்றது அளக்கவில்லை," என்றார்.

நான் எழும்பவில்லை. எனக்கு இரண்டு பிள்ளைகள், வீட்டு வாடகை, வேலையில்லாத மனுசன். இதெல்லாம் அன்றைக்கு மனதில் ஓடியதா, பிறகு நானே எனக்குச் சொல்லிக்கொண்டதா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. நான் எழும்பவில்லை என்பது மட்டும் தெரியும்.

பிழையைத் திருத்துவது அரை நாள் வேலை. ஒரு கம்பியும் அவிழ்க்கத் தேவையில்லை. என் சுருளில் மஞ்சள் குழாயைக் கழற்றி மற்ற முனைக்குப் போட்டால் சரி. அண்ணை சார்ஜர் செய்கிற இடத்துக்கே போய் இருபதையும் மாற்றி, இருபதையும் மூன்று தரம் அளந்துவிட்டு வந்தார். முதலாளி கெட்டவர் இல்லை. வேலையால் நிற்பாட்டவும் இல்லை. கடிதத்தைப் பற்றி மட்டும், "கொஞ்சக் காலம் பார்ப்போம்," என்றார்.

அன்று பின்னேரம் பஸ் தரிப்பில் அவரிடம் சொன்னேன். "அண்ணை, நான் நாளைக்குப் பொஸ்ஸிட்டச் சொல்லுறன். நான்தான் மிசினைத் திருப்பி வைச்சனான்."

"தெரியும். கண்டனான்."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"நீர் திருப்பிச் சுத்தினது பிழை. நான் அளக்காமல் எழுதினது பொய். அவர் கேட்டது என்ர பொய்யை."

"உங்கட வீட்டுக்கார அக்கா கொழும்பில நிக்கிறாவே..."

"ஓம். நிக்கிறா." பஸ் வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். "உம்மட தோள் எப்பிடி இருக்கு?"

பஸ் வந்தது, ஏறிவிட்டேன். அடுத்த நாள் போனேன், கைபிடியை வலது பக்கம் திருப்பி வைத்தேன், வேலை செய்தேன். முதலாளியிடம் சொல்லவில்லை. அடுத்த கிழமை சொல்லுவோம் என்று வைத்தேன். அந்தக் கிழமையும் போய்விட்டது.

மாத முடிவில் அண்ணையின் மனைவி வடக்குக்குப் போய்விட்டார். ஏழு மாதம் கழித்து முதலாளி தானாகவே கடிதத்தைத் தட்டச்சு செய்து கொண்டுவந்து கொடுத்தார். அண்ணை அதைப் படித்து, நன்றி சொல்லி, மடித்துச் சேர்ட் பைக்குள் வைத்தார். அதன் நகலை ஊருக்கு அனுப்பினார். மனைவியின் பதில் வர அடுத்த மழைக்காலம் ஆகிவிட்டது. தேநீர் நேரத்தில் என்னிடமே வாசிக்கத் தந்தார். அம்மா எழும்ப ஏலாமல் பாயோடு கிடக்கிறா, அவவை விட்டுட்டு வர ஏலாது, இனிப் பத்திரம் ஒன்றும் அனுப்பிச் செலவழியாதேங்கோ, நீங்கள் வேளைக்குச் சாப்பிடுங்கோ. நாலே வரி. கோபமாக ஒரு சொல் இல்லை. கோபித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"அப்ப நேரத்தோட கடிதம் கிடைச்சிருந்தால்..." என்று தொடங்கினேன்.

"விடும் பிள்ளை," என்றார். "தேத்தண்ணி ஆறுது."

அடுத்த வருடம் அவர் வெலிங்டன் பக்கம் வேலை கிடைத்துப் போனார். போகும் முன் முதலாளியிடம் என்னைச் சோதனை மேசைக்குப் போடச் சொல்லியிருந்தார். அவர் போன பிறகுதான் நான் முதலாளியிடம் கைபிடிக் கதையைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அன்றைக்கே சொல்லியிருந்தாலும் கடிதத்தை உடனே தந்திருப்பேனோ தெரியாது," என்றார். தந்திருக்கவும் கூடும் என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த மேசையில் பல வருடம் இருந்தேன். பழைய தாள்கள் அதன் இழுப்பு லாச்சிக்குள் கிடந்தன. அந்த ஓடரின் தாளை ஒருநாள் எடுத்துப் பார்த்தேன். நாலாவது வரி வரைக்கும் மூன்றாவது கட்டத்தில் பதினாலு, பதின்மூன்று தசம் ஒன்பது, பதினாலு தசம் ஒன்று என்று கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசமாக எழுதியிருந்தார். ஐந்தாவதிலிருந்து வெறும் பதினாலு, ஒரே மாதிரி, கையைத் தூக்காமல் எழுதியது போல. ரெலிபோனுக்குப் போகிற அவசரம் அந்த எழுத்திலேயே தெரிந்தது. தாளைத் திரும்ப லாச்சிக்குள் வைத்துவிட்டு, கவ்விகளை எடுத்து, முன்னால் கிடந்த சோக்கின் முதல் சுருளில் மாட்டினேன்.