கதவுக்கு வெளியே கேட்ட தமிழ்

மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் அவளுக்குக் கத்தரிக்கோல் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனாலும் அவளுக்குத் தெரியும், தெரிந்து உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு. கல்யாணமாகி ஊரிலிருந்து இந்த நாட்டுக்கு வந்தவள், பெட்டியைப் பிரித்து அடுக்கி முடிப்பதற்குள் வேலையில் சேர்ந்துவிட்டாள். இங்கே பிறந்து வளர்ந்தவர்கள் எழுதிக் கொடுக்கும் தமிழை வாங்கி, "ஊர்ல இப்படி யாருங்க பேசுறாங்க?" என்று கேட்டுக் கேட்டு வெட்டுவதுதான் அவள் வேலை.

வெட்டுவதில் அவளுக்குத் தயவு தாட்சண்யம் கிடையாது. சந்தைக்கும் வண்டிக்கும் இந்த நாட்டு மொழிச் சொல்லையே தமிழ் எழுத்தில் யாராவது எழுதியிருந்தால் முதல் வெட்டு அதற்குத்தான். காலைச் சாப்பாட்டைப் 'பசியாறல்' என்று எழுதினால், "இதென்ன ராஜா ராணி கதையா?" என்று சிரித்துவிட்டு 'டிபன்' என்று மாற்றுவாள். 'நாள் வாங்கிக்கொள்ளுங்கள்' என்பது அவள் மேஜையைத் தாண்டும்போது 'அப்பாயின்ட்மென்ட் கன்ஃபார்ம் பண்ணிக்கோங்க' என்று ஆகியிருக்கும். ஊரில் அப்படித்தானே பேசுகிறார்கள்? பேசுவதை எழுதினால்தானே இயல்பு? அவள் வாதத்தில் ஒரு ஓட்டையும் இல்லை. எந்த ஊர், யார் பேசுவது என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை, அவளும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரி கொடுத்த வேலையை அவள் அப்படித்தான் முடித்தாள். பரிசோதனைக்கு முதல் நாள் வயதான தமிழர்களுக்குத் தானாகவே போன் போகும். ஒரு பெண்குரல் என்ன செய்யவேண்டும், என்ன செய்யக்கூடாது என்று சொல்லும். வாசகங்களை அவள் எழுதினாள். குரலையும் ஊரிலிருந்தே பிடித்தாள். தேன் தடவினாற்போல் குரல். கேட்டவுடன் அவளுக்கே வீட்டு ஞாபகம் வந்துவிட்டது.

அந்தப் போன் அவள் மாமியாருக்கும் போனது. மாமியார் இங்கேயே பிறந்தவர். அவருடைய பாட்டன் காலத்துக்கு முன்பே குடும்பம் கப்பலேறி வந்துவிட்டது. அதிகம் பேசாத மனுஷி. வீட்டில் 'சரிம்மா', 'ஆகட்டும்மா' தவிர அவர் வாயிலிருந்து ஒரு முழு வாக்கியம் விழுந்தால் அன்றைக்கு மழைதான் என்று மகனே கிண்டல் செய்வான். கொஞ்ச காலமாக ஆள் இளைத்துக்கொண்டே போக, மருமகள்தான் டாக்டரிடம் அழைத்துப் போய், பக்கத்தில் உட்கார்ந்து, மாமியார் சொன்னதை டாக்டருக்கு மொழிபெயர்த்தும் சொன்னாள். டாக்டர் வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்க்க நாள் கொடுத்தார்.

"அத்தை, ஆஸ்பத்திரியிலருந்து போன் வந்துச்சா?"

"வந்துச்சும்மா."

"சொன்னதைக் கேட்டீங்கல்ல?"

"கேட்டேம்மா."

தான் எழுதியதைத் தானே இன்னொரு தடவை சொல்வானேன் என்று அவள் விட்டுவிட்டாள். மறுநாள் அவள் வேலைக்குக் கிளம்பிய பிறகு, மாமியார் வழக்கம்போலச் சாப்பிட்டுவிட்டு மகனோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். குழாயைக் கையில் வைத்துக்கொண்டு, "வெறும் வயிறுதானே?" என்று நர்ஸ் கேட்ட முதல் கேள்வியிலேயே விஷயம் உடைந்துவிட்டது. அடுத்த தேதி ஒரு மாதம் தள்ளிக் கிடைத்தது.

போனில் கணவன் சொன்னபோது அவளுக்குக் கோபம்தான் வந்தது. அதிர்ச்சி மதியம் வந்தது. மேலாளர் அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவரும் இங்கே பிறந்தவர்தான், நிதானமான ஆள், அவளுடைய வெட்டுகளுக்கெல்லாம் இத்தனை காலம் தலையாட்டியவர்.

"உங்க அத்தை மட்டும் இல்லம்மா. தமிழ் ஆளுங்க பாதிப் பேரு சாப்பிட்டுட்டு வந்து நிக்கிறாங்களாம். போன் போகுது, எடுக்குறாங்க, ரெண்டு வார்த்தையிலயே வச்சிடுறாங்க."

"வச்சிடுறாங்களா? ஏன், தமிழே மறந்துபோச்சா அவங்களுக்கு?"

"அதை அவங்ககிட்டயே கேட்டோம். இன்னைக்குக் காலையில சாப்பிட்டுட்டு வந்தவங்களை ஆஸ்பத்திரியில ஒரு ரூம்ல உக்கார வச்சு, அனுமதி வாங்கிக்கிட்டு, அவங்களுக்குள்ளயே பேச விட்டுப் பதிவு பண்ணியிருக்கோம். இங்க நாலு தலைமுறையா இருக்குறவங்க பேச்சு ஒண்ணு, நேத்து வந்தவங்க பேச்சு ஒண்ணு, டிவி பாத்துத் தமிழ் கத்துக்கிட்ட பிள்ளைங்க பேச்சு ஒண்ணு. நாம யாருக்கு எழுதுறோம்னு பாக்கணும். நீங்க கேளுங்க முதல்ல."

அவள் வேண்டாவெறுப்பாக ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். நாற்காலி இழுபடும் சத்தம், இருமல், பிறகு ஒரு பெண்குரல். என்ன குரல் அது! ஏற்றமும் இறக்கமுமாக, நடுவில் இந்த நாட்டுச் சொல் ஒன்றைத் தூக்கிப் போட்டுப் பிடித்து, எதிரில் இருப்பவர்களை மூச்சுவிடாமல் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தது.

"பசியாறிட்டுத்தான் வந்தேன், மறைக்க என்ன இருக்கு? போன் வந்துச்சு. ஒருத்தி வணக்கம்னா. அவ வணக்கம் சொன்ன அழகுலயே தெரிஞ்சிபோச்சு, புடவை விக்க வந்தவன்னு. நான் வாங்குற மாதிரியா இருக்கேன்? வச்சிட்டேன்."

"நான் சீரியலுக்கு விளம்பரம்னு நெனச்சேன்" என்றார் ஒரு கிழவர். அறையே கொல்லென்று சிரித்தது.

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கெட்டிக்காரக் கிழவி, இவளை ஒருநாள் நேரில் பார்க்கவேண்டும் என்று நினைத்தாள். அப்போது பதிவில் யாரோ கேட்டார்கள்: "உன் மருமக அங்கேருந்து வந்தவதானே? அவ சொல்லலையா உனக்கு?"

"தங்கமான பிள்ளை, ஒரு குறை சொல்ல முடியாது" என்றது அந்தக் குரல். "வந்த புதுசுல நான் ஏதோ சொன்னேன், சிரிச்சிட்டா. மனசுல ஒண்ணும் வச்சுக்கிட்டுச் சிரிக்கல. எம்மவனும் கூடச் சேந்து சிரிச்சான். அதுலருந்து அவகிட்டப் பேசுறதுக்கு முன்னாடி மனசுக்குள்ள ஒரு தடவை சொல்லிப் பாத்துக்குவேன். பாதிப் பேச்சு அங்கயே நின்னுபோகும்."

அவள் கை தானாகப் பதிவை நிறுத்தியது. மறுபடி ஓடவிட்டாள். அதே குரல். எத்தனை வருஷமாக ஒரே வீட்டில், ஒரே மேஜையில் சாப்பிடுகிறார்கள்! மாமியாரின் குரலை அவள் இன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்கிறாள், அதுவும் அடையாளம் தெரியாமல்.

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை.

"அப்ப டாக்டருகிட்ட எப்படிச் சொன்ன?"

"அவதான் பக்கத்துல உக்காந்திருந்தா. என்ன பண்ணுது அத்தைன்னா. சோறு நெஞ்சுலயே நிக்குது, தண்ணி விட்டாத்தான் இறங்குது, சில நாளு தண்ணியும் இறங்காம மேல வந்துருதுன்னு சொல்லணும். அவ பேச்சுல அதுக்கு என்ன சொல்லுவாங்கன்னு எனக்கு வரல. அவசரத்துல, லேசா அசிடிட்டின்னுட்டேன். டிவில வருமே, அந்த வார்த்தை. அவளும் உடனே டாக்டருகிட்டச் சொல்லிட்டா."

சொன்னாள்தான். அந்த நிமிஷம் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. 'அட, அத்தைக்கு எவ்வளவு அழகாத் தமிழ் வந்துருச்சு' என்று மகிழ்ந்துபோயிருந்தாள். அந்த ஒற்றைச் சொல்லை நம்பித்தான் டாக்டர் அவரைச் சாதாரண வரிசையில் போட்டிருந்தார். சோறு நெஞ்சிலேயே நிற்கிறது என்று தெரிந்திருந்தால் யாராவது ஒரு மாதம் தள்ளிப் போடுவார்களா?

ஹெட்போனைக்கூடச் சரியாகக் கழற்றாமல் எழுந்தாள், வயர் இழுத்து மேஜையில் இருந்த தண்ணீர் கொட்டியது. துடைக்க நிற்கவில்லை. வராந்தாவில் நின்று ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, மாமியாரின் வாக்கியத்தை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தாள். எதையும் வெட்டவில்லை. மறுமுனையில் இருந்தவர் கேட்டுவிட்டு, "இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?" என்றார். "எப்போது அழைத்து வரட்டும்?" என்றாள் அவள்.

அந்த வாரமே குழாய் விட்டுப் பார்த்தார்கள். உணவுக்குழாய் ஓர் இடத்தில் நன்றாகச் சுருங்கியிருந்தது. விரித்துவிட்டார்கள். பயப்படுகிற மாதிரியான நோய் இல்லை, ஆனால் இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் எச்சில்கூட இறங்கியிருக்காது என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து மாமியார் ஒரு தட்டுச் சோற்றைத் தண்ணீர் தொடாமல் சாப்பிட்டபோது, அவள் அடுப்படிக்குப் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அத்தை, அந்தப் போன் பேச்சை மாத்தப் போறோம். நீங்க வந்து பேசணும். உங்க குரல்லயே."

"நானா? எனக்கு என்னம்மா தெரியும்?"

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில எல்லாரையும் சிரிக்க வச்சீங்கல்ல, அதே மாதிரி பேசுங்க."

மாமியார் அவளை ஒரு பார்வை பார்த்தார். எதைக் கேட்டிருக்கிறாள் என்று புரிந்திருக்கவேண்டும். "ஆகட்டும்மா" என்றார்.

ஒலிப்பதிவு அறை ஒரு அலமாரியை விடக் கொஞ்சம் பெரிது. மேலாளர் ஒரு மூலையில், அவள் எதிரில், நடுவில் மைக்கோடு மாமியார். காகிதம் எதுவும் தரவில்லை. சொல்லவேண்டிய விஷயத்தை மட்டும் சொல்லிக் கொடுத்திருந்தாள். விளக்கு எரிந்ததும் மாமியார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வணக்கம். நாளைக்கு உங்களுக்கு டெஸ்ட் இருக்கு. ப்ளீஸ், டிபன் எதுவும் சாப்பிட வேண்டாம். டைமை கன்ஃபார்ம் பண்ணிக்கோங்க."

மேலாளர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். அது மாமியாரின் பேச்சே இல்லை. ஏற்றம், இழுப்பு, 'ப்ளீஸ்' சொல்லும்போது தலை சாய்வது எல்லாம் மருமகளேதான், அச்சு அசல். எத்தனை காலம் மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தால் இது இவ்வளவு சுத்தமாக வரும்!

"சரியா வந்துச்சாம்மா?" என்று மாமியார் பயந்துபோய்க் கேட்டார்.

"இது வேணாம் அத்தை. உங்க பேச்சு."

மறுபடி முயன்றார். மறுபடி அதேதான் வந்தது. மூன்றாவது தடவை நடுவில் நின்றுபோய், மருமகளின் முகத்தைப் பார்த்தார். தப்புச் செய்த குழந்தை டீச்சரைப் பார்க்கிற பார்வை. அது நெஞ்சில் பட்டதும் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. மாமியார் என்ன செய்யவேண்டும் என்றே அவள் இதுவரை யோசித்துக்கொண்டிருந்தாள், ஏதாவது செய்யவேண்டியது அவள்தானே?

எழுந்தாள். "நான் வெளியில இருக்கேன் அத்தை. நீங்க இவர்கிட்டப் பேசுங்க" என்று கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு வந்துவிட்டாள்.

பிறகு மேலாளர் ஏதோ சொன்னார், இங்கே பிறந்தவர்கள் பேசும் தமிழில். உள்ளே சிரிப்பு கேட்டது. சிரிப்பு அடங்கியதும் அந்தக் குரல் கிளம்பியது.

"ஐயா, அம்மா, போனை வச்சிராதீங்க, நான் ஒண்ணும் விக்க வரல. ஆஸ்பத்திரியிலருந்து பேசுறேன். நாளைக்குப் பசியாறாம வரணும். பசிக்கும், எனக்கும் பசிச்சிச்சு, பொறுத்துக்குங்க. இன்னொண்ணு. டாக்டர் கேட்டா, எங்க வலிக்குதோ அதை உங்க வாயில எப்படி வருதோ அப்படியே சொல்லுங்க. கூட வந்திருக்குற பிள்ளைங்க சிரிச்சாச் சிரிக்கட்டும்."

கடைசி வரியை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

மேலாளர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "பிரமாதமா வந்துருச்சு. உள்ள வாங்கம்மா."

அவருடைய தோளுக்குப் பின்னால் மாமியார் இன்னும் ஏதோ பேசிக்கொண்டிருந்தார், மைக்கைப் பார்த்து, கையை ஆட்டி ஆட்டி.

"நான் வந்தா நின்னுடும்" என்றாள் அவள். "இன்னும் கொஞ்ச நேரம் பேசட்டும் சார். கதவை மட்டும் முழுசா மூடாதீங்க."